அமுச்சிக்குப் புது கிரைண்டர் வாங்கலாமா, வேண்டாமா?

கோபிக்காரன்: தை நோம்பிக்கு அமுச்சிக்கு உபயோகமா ஏதாவது வாங்கோணும். நாலஞ்சு மாசமா "மாவாட்டினா முதுகு புடிச்சுக்குது"ங்கறாங்க. இருக்கறது ரெண்டு லிட்டர் டேபிள் டாப். புதுசு வாங்கிரலாமுங்களா?

அவிநாசிக்காரி: வாங்கிருங்க. ஒரே பேச்சு மாசக்கணக்கா வந்தா அது தேவைதான். சாய்க்கற மாடலா எடுத்தா டிரம்மைத் தூக்க வேண்டியதில்ல.

மேட்டாங்காடு: அவசரப்படாதீங்க. பேச்சு வலியைத்தான் சொல்லுது, காரணத்தைச் சொல்லல. எந்த வேலையில இருக்கறப்ப அதைச் சொல்றாங்க? கல்லைத் தூக்கறப்பவா, மாவு வழிக்கறப்பவா, கழுவறப்பவா? சொன்ன வார்த்தையோட, அப்ப கை என்ன செஞ்சுதுன்னும் குறிச்சு வெய்யுங்க. அப்பறம், வலிக்கு அவங்களே என்ன குறுக்குவழி கண்டுபுடிச்சிருக்காங்கன்னு பாருங்க.

பவானிப் பையன்: எங்க பெரியப்பாவுக்கு ஜமக்காளம் குடுத்தோம், பீரோவுலயே கெடக்குது. பேசாம கேட்டுருங்க.

மேட்டாங்காடு: கேட்டா "எதுக்கு சாமி காசைக் கரியாக்கற"ம்பாங்க. மொத வெலையத்தான் கணக்குப் போடுவாங்க.

கோபிக்காரன்: பார்த்தேனுங்க. கிரைண்டர் தரையில இருக்குது. கல்லைத் தனியா எடுத்துத் தட்டத்துல வெச்சுட்டு, குனிஞ்சு நின்னு மாவைக் கையில வழிக்கறாங்க. டிரம்மைத் தூக்கறதே இல்ல. வழிச்சு நிமிரறப்பத்தான் முதுகைப் புடிக்கறாங்க.

மேட்டாங்காடு: அப்ப தூக்கற பிரச்சினைய அவங்களே தீர்த்துட்டாங்க. சாய்க்கற மாடல் வாங்கினா தீர்ந்து போனதுக்குக் காசு குடுத்த மாதிரி ஆயிரும். மிச்சம் இருக்கறது குனியறதுதான். மேடையில வெக்காததுக்கும் காரணம் இருக்கும். மேடை 33 அங்குலம், கிரைண்டர் 15 அங்குலம்னா, விளிம்பு 48 அங்குலத்துல தோள்கிட்ட நிக்கும். அந்த உயரத்துல கையை உள்ள விட்டு வழிக்க முடியாது. விளிம்பு முழங்கைக்கு ஒரு சாண் கீழ வரோணும். அவங்க முழங்கை தரையிலிருந்து 36 அங்குலம்னா விளிம்பு 27-ல இருக்கோணும். கிரைண்டர் உயரத்தைக் கழிச்சா 12 அங்குல ஸ்டாண்டு போதும். ரெண்டையும் நீங்களே அளந்துக்கங்க. வெல்டிங் பட்டறையில இரும்பு ஆங்கிள்ல அடிக்கச் சொல்லுங்க. கால் நாலுக்கும் ரப்பர் புஷ், மேல சுத்தியும் ஒரு அங்குல விளிம்பு. விளிம்பு இல்லைன்னா ஓடற அதிர்வுல கிரைண்டர் நகந்து வந்துரும்.

அவிநாசிக்காரி: இது ஒத்துக்கறாப்புலதான் இருக்குதுங்க. ஆனா நோம்பிக்கு இரும்பு ஸ்டாண்டைக் குடுத்தா பரிசாட்டவா இருக்கும்? அதுவுமில்லாம வயசானவங்க பழகின எடத்தை மாத்துவாங்களா?

மேட்டாங்காடு: மொதக் கேள்விக்கு, கூட ஒரு சேலை எடுத்துருங்க. ரெண்டாவதுக்கு, அடிக்கறதுக்கு முன்னாடி அந்த உயரத்துல ஆடாத மரப்பெஞ்சு இருந்தா கிரைண்டரை அதுல வெச்சு, பக்கத்துல நின்னு பாத்துக்கங்க. அடுத்த தடவை மாவாட்டறப்ப அவங்களா தரைக்கு எறக்கச் சொல்லிட்டா ஸ்டாண்டு வேண்டாம்.

பவானிப் பையன்: அதுக்கும் நேராக் கேக்கறதே சுலபமுங்க.