உதவி: கட்டுப்பாட்டு வரைபடத்தில் தொடர்ந்து 9 புள்ளிகள் மையக்கோட்டுக்கு மேலே நிற்கின்றன, இயந்திரத்தைத் திருத்தலாமா?

கேட்பவர் (கோவை, சிறு கடைசல் பட்டறை, தரப் பிரிவு)

எங்கள் சிஎன்சி கடைசல் இயந்திரத்தில் 20 மி.மீ. வெளிவிட்டமுள்ள எஃகு புஷ் ஓடுகிறது. வாடிக்கையாளர் அனுமதிப்பது இருபுறமும் 25 மைக்ரான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அடுத்தடுத்து வரும் 5 புஷ்களை அளந்து, அவற்றின் சராசரியையும் வீச்சையும் வரைபடத்தில் குறிக்கிறோம். சிக்கலின்றி ஓடிய நாட்களின் 25 மாதிரிகளைக் கொண்டு எல்லைகளைக் கணக்கிட்டோம். 20 மி.மீ.க்கு மேல் எத்தனை மைக்ரான் என்று எழுதினால், மையக்கோடு 2, மேல் எல்லை 7.8, கீழ் எல்லை −3.8. சராசரி வீச்சு 10, வீச்சின் மேல் எல்லை 21.

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து வந்த சராசரிகள், முழு எண்ணாக்கிச் சொன்னால், 4, 3, 5, 4, 6, 4, 5, 3, 5. வீச்சுகள் 7 முதல் 14 வரை, வழக்கம்போலவே இருக்கின்றன. இந்த ஒன்பது மாதிரிகளுக்கு இடையில் யாரும் ஆஃப்செட்டைத் தொடவில்லை. இரவு ஷிப்ட் ஆபரேட்டர் ஆஃப்செட்டை 2 மைக்ரான் குறைத்துவிடலாம் என்கிறார். எல்லைக்குள் இருப்பதைத் தொடவே கூடாது என்று சூப்பர்வைசர் தடுக்கிறார். இந்த ஒன்பதையும் சேர்த்து எல்லைகளைப் புதிதாகக் கணக்கிட்டால் சரியாகிவிடுமா என்றும் எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. எது முறை என்று தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

ஒசூர், உற்பத்திப் பிரிவு

உங்கள் சூப்பர்வைசர் சொல்வதே சரி. எல்லையைத் தாண்டாத புள்ளியைப் பார்த்து இயந்திரத்தைத் திருத்தினால் கெடுதல்தான் வரும். 25 மைக்ரான் அனுமதி இருக்கும்போது 5 மைக்ரானுக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு புஷ்கூட ரிஜெக்ட் ஆகவில்லை அல்லவா?

பேக்கிங் பிரிவு, மாவு ஆலை

எங்களுக்கும் வரைபடத்தில் சிக்கல் இருந்தது. ஆனால் எங்கள் புள்ளிகள் எல்லாம் மையக்கோட்டை ஒட்டியே கிடந்தன, பார்க்க அழகாக இருந்தன. நான்கு வாய்கள் கொண்ட நிரப்பும் இயந்திரத்தில் வாய்க்கு ஒரு பை எடுத்து ஒரே மாதிரியாகச் சேர்த்திருந்தோம். வாய்களுக்கிடையே இருந்த வேறுபாடு வீச்சுக்குள் புகுந்து எல்லைகளை அகலமாக்கிவிட்டது. நீங்களும் மாதிரி எடுக்கும் முறையை மாற்றிப் பாருங்கள்.

தர ஆய்வு, பணி நிறைவு பெற்றவர்

மாவு ஆலை நண்பர் சொன்னது உண்மையான கோளாறுதான், ஆனால் இங்கே இருப்பது அதுவல்ல. ஒரே இயந்திரத்தின் அடுத்தடுத்த ஐந்து துண்டுகள் என்பது சரியான மாதிரி.

ஒசூர் நண்பர் கூறியதில் பாதியை ஏற்கிறேன். புள்ளி ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த அளவுக்கு ஆஃப்செட்டை எதிர்த்திசையில் மாற்றிக்கொண்டே இருந்தால், இயல்பான ஏற்ற இறக்கத்தின் மேல் நம் கை ஏற்படுத்தும் ஏற்ற இறக்கமும் சேர்ந்து, பரவல் ஏறக்குறைய 1.4 மடங்காகிவிடும். ஆனால் அனுமதி அளவு வேறு, கட்டுப்பாட்டு எல்லை வேறு. புஷ் தேறுமா என்பதை முன்னது சொல்லும். இயந்திரம் நேற்று ஓடியபடியே இன்றும் ஓடுகிறதா என்பதைப் பின்னதுதான் சொல்லும்.

இப்போது உங்கள் புள்ளிகளுக்கு வருவோம். முதலில் வீச்சைப் பார்த்தது நல்லது, அது அமைதியாக இருப்பதால் சராசரியை நம்பிப் படிக்கலாம். எதுவும் மாறாத ஓட்டத்தில் அடுத்தடுத்த ஒன்பது புள்ளிகள் ஒரே பக்கம் விழ 256-இல் ஒரு வாய்ப்புதான் உண்டு. ஆகவே இதைத் தற்செயல் என்று ஒதுக்க மாட்டேன். ஒன்பதின் சராசரி 4.3, அதாவது மையம் சுமார் 2.3 மைக்ரான் மேலேறியிருக்கிறது. இவ்வளவு சிறிய நகர்வை எல்லையைத் தாண்டும் புள்ளி காட்டிக்கொடுக்கும் என்று காத்திருந்தால், சராசரியாக 28 மாதிரிகள் கடக்க வேண்டும். உங்கள் கணக்கில் அது இரண்டு நாளுக்கும் மேல்.

ஐந்தில் நான்கு புள்ளிகள் ஒரு சிக்மாவைத் தாண்டினால் எச்சரிக்கை என்றொரு விதியும் உண்டு. அந்தக் கோடு உங்களுக்கு 3.9-இல் வருகிறது, நீங்களோ 4 என்று முழு எண்ணாக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். அதை வைத்து நான் தீர்ப்புச் சொல்லத் துணியமாட்டேன். விதிகளை அடுக்கிக்கொண்டே போனால் பொய் எச்சரிக்கையும் பெருகும். எல்லை விதி மட்டும் என்றால் சுமார் 370 புள்ளிக்கு ஒருமுறை, வழக்கமான நான்கு விதிகளையும் சேர்த்தால் சுமார் 92 புள்ளிக்கு ஒருமுறை.

எல்லைகளைத் திரும்பக் கணக்கிடாதீர்கள். காரணம் தெரியாத நகர்வை எல்லைக்குள் சேர்த்தால் வரைபடம் அதற்குப் பிறகு அதைக் காட்டாது. ஆஃப்செட்டையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். வெட்டுமுனை தேய்ந்தால் வெளிவிட்டம் சிறிது சிறிதாக ஏறிக்கொண்டே போகும். உங்களுடையது ஒரே நாளில் ஒரு படி ஏறி அங்கேயே நிற்கிறது. திங்கள் இரவுக்கும் செவ்வாய் காலைக்கும் இடையில் என்ன மாறியது? இன்சர்ட் பெட்டி, கம்பி லாட், கூலன்ட், அளவுக் கருவி, அளக்கும் ஆள், அளக்கும் இடம் எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள்.

கேட்பவர்

கேட்டுப் பார்த்தேன் ஐயா. திங்கள் மாலை பழைய டிஜிட்டல் மைக்ரோமீட்டர் அளவுத்திருத்தத்துக்காகத் தனியே எடுத்து வைக்கப்பட்டு, புதியது வந்திருக்கிறது. இன்சர்ட்டும் புதுப் பெட்டி. பழைய மைக்ரோமீட்டர் இன்னும் அனுப்பப்படாததால், 20 மி.மீ. அளவுக் கட்டையை இரண்டிலும் நானே பத்துப் பத்து முறை அளந்தேன். புதியது சராசரியாக 1.2 மைக்ரான் கூடுதலாகக் காட்டுகிறது.

தர ஆய்வு, பணி நிறைவு பெற்றவர்

அப்படியானால் நகர்வில் பாதிக்கு மேல் இயந்திரத்துடையது அல்ல, கருவியுடையது. நேற்று ஆஃப்செட்டை 2 மைக்ரான் குறைத்திருந்தால், வரைபடம் மையத்துக்குத் திரும்பியிருக்கும், புஷ்களோ உண்மையில் முன்பிருந்த அளவைவிடச் சிறுத்திருக்கக்கூடும்.

மீதி 1.1 மைக்ரானைப் பற்றி அவசரப்படாதீர்கள். ஒன்பது மாதிரிகளின் சராசரியே தற்செயலாகச் சுமார் 0.6 மைக்ரான் ஆடும் இயல்புடையது, அதன் இரு மடங்கு வரை போனாலும் வியப்பில்லை. 1.1 என்பது அதன் இரு மடங்குக்கும் குறைவு. இன்சர்ட்டைக் குற்றம் சொல்ல இது போதாது.

கடைசல் ஆபரேட்டர், 22 ஆண்டுகள்

ஒன்று கேட்கிறேன். புது மைக்ரோமீட்டர் எங்கே இருக்கிறது? இயந்திரத்தின் பக்கத்திலேயே வைத்திருந்தால், இறங்கிய சூட்டோடு அளந்துகொண்டிருப்பார்கள். 20 மி.மீ. எஃகு 5 டிகிரி கூடுதல் சூட்டில் ஒரு மைக்ரானுக்குச் சற்று மேல் பருத்துக் காட்டும். கையில் பிடித்தால் இளஞ்சூடு என்றுகூடத் தோன்றாது.

கேட்பவர்

ஆம், முன்பு துண்டுகள் தர அறைக்கு வந்து ஆறிய பிறகு அளக்கப்பட்டன. செவ்வாய் முதல் இயந்திரத்தருகிலேயே அளக்கிறார்கள். இது எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

மைக்ரோமீட்டரின் சுழியைச் சரிசெய்துவிட்டேன். இன்று மாலை முதல் அதே ஐந்து துண்டுகளை இறங்கியவுடன் ஒருமுறையும், தர அறையில் ஒரு மணி நேரம் ஆறவிட்டு ஒருமுறையும் அளந்து குறிக்கச் சொல்லியிருக்கிறேன். இன்சர்ட் பெட்டியையும் ஆஃப்செட்டையும் மாற்றவில்லை.

ஒசூர், உற்பத்திப் பிரிவு

அளந்த எண்களை இங்கே எழுதுங்கள். இருந்தாலும் ஒரு மைக்ரானுக்காக இரண்டு முறை அளக்கும் நேரத்தை உற்பத்தியில் யார் கொடுப்பார் என்பதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை.

தர ஆய்வு, பணி நிறைவு பெற்றவர்

எட்டு மாதிரிகள் வரைக்கும் போதும், பிறகு ஆறிய அளவு ஒன்றே போதுமானது. ஆறவிட்ட சராசரிகளும் மையக்கோட்டுக்கு மேலேயே நின்றால், பழைய பெட்டியில் மீதி இன்சர்ட் ஏதேனும் இருக்கிறதா என்று தேடி வையுங்கள்.