புழுக்கத்தில் நிற்கிற, ஆனால் திகட்டாத பெர்ஃப்யூம் வேண்டும்

காகிதப் பட்டையில் முகர்ந்த எலுமிச்சை, பெர்கமாட் வாசனையில் மயங்கி, அடர்த்தி குறைந்த ஈடிடி வகை பெர்ஃப்யூம் ஒன்று வாங்கினேன். புழுக்கமான மதியம் அடித்துக்கொண்டு வெளியே போனால், முக்கால் மணி நேரத்தில் மணிக்கட்டில் லேசான சோப்பு வாடைதான் மிச்சம். சிட்ரஸ் எப்படியும் சீக்கிரம் ஆவியாகும், சூடான தோலில் இன்னும் வேகம்.

சரி, அடர்த்தி கூடினால் நிற்குமே என்று நண்பனின் ஈடிபியை முழங்கை மடிப்பில் ஒரே முறை அடித்து, தேய்க்காமல் விட்டேன். ஆறு மணி நேரம் கழித்தும் இருந்தது. ஆனால் முதல் அரைமணிக்குப் பிறகு மேலெழுந்த வெனிலாவும் ஆம்பரும் வியர்வையோடு சேர்ந்து பாகு மாதிரி திகட்டின. பக்கத்தில் இருந்தவர் பேசாமல் ஜன்னலைத் திறந்துவிட்டார்!

அப்போ அடர்த்தியைவிட, கடைசிவரை தங்கும் அடிவாசனையான பேஸ் நோட்தான் முக்கியமோ? வெட்டிவேர், சிடார் அடியில் உள்ள ஈடிபியைப் புழுக்கத்தில் போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். அல்லது ஈடிடியையே மதியம் மறுபடி அடித்துக்கொள்வது மேலா?

இன்னொரு சந்தேகம். வாசனை நிஜமாகவே போய்விட்டதா, என் மூக்குதான் பழகிவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? வீட்டில் கேட்டால் தினம் ஒரு பதில் வருகிறது.