10க்கு 12 அறைக்குள் ஒரு குறும்படம்: கேமரா ஆடணுமா, அடங்கணுமா?

மாசிவீதி: சிம்மக்கல்லில் எங்கள் பாட்டி வீடு இருக்கிறது. அதில் ஒரே ஒரு அறை, 10க்கு 12 அடி. பாகப்பிரிவினைக்காக உட்காரும் நான்கு பேர், 20 நிமிடக் கதை, யாரும் அறையை விட்டு வெளியே போவதில்லை. செட் போடக் காசு இல்லை. கேமரா ஏபிஎஸ்-சி சென்சார், லென்ஸ் 24, 50, 85 மி.மீ. ஒரே அறை என்றால் சலித்துவிடும், கேமராவை ஆட்டிக்கொண்டே இரு என்கிறான் நண்பன். அது சரியா?

திருநகர்காரன்: நண்பர் சொல்வது தப்பு. கேமரா ஆட ஆட, பார்ப்பவருக்கு யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதே குழம்பிவிடும். லென்ஸை மாற்றுங்கள், போதும். முதலில் 24, நடுவில் 50, கடைசியில் 85. போகப் போகச் சுவர் நெருங்கி வந்து ஆளை அமுக்கும். 1957-ல் சிட்னி லூமெட், ஏறக்குறைய முழுக்க ஒரே அறையில் நடக்கும் தன் முதல் படமான '12 ஆங்ரி மென்'னில் இதைத்தான் செய்தார்.

உசிலைப்பட்டி ரசிகன்: ஒரே அறை என்றால் கட்டே இல்லாமல் எடுப்பதுதான் கெத்து. பெரும்பாலும் கட் தெரியாத மாதிரி எடுத்த ஹிட்ச்காக்கின் 'ரோப்' 1948-லேயே வந்துவிட்டது. 20 நிமிடத்தையும் ஒரே ஷாட்டில் எடுங்கள் தம்பி.

மாசிவீதி: அண்ணே, நான் கேட்டது ஒரே இடம். ஒரே ஷாட் இல்லை. நான்கு பேரில் இருவர் இதுவரை கேமரா முன் நின்றதே கிடையாது, அவ்வளவு நேரம் தாங்க மாட்டார்கள்.

வைகைக்கரை: திருநகர்காரர் சொன்னதில் பாதி சரி. லூமெட் லென்ஸை மட்டும் மாற்றவில்லை. முதல் பகுதியைக் கண் மட்டத்துக்கு மேலிருந்து எடுத்தார், நடுவில் கண் மட்டம், கடைசிப் பகுதி அதற்கும் கீழே. அதனால்தான் முடிவை நெருங்கும்போது கூரை தெரிய ஆரம்பிக்கிறது, தலைக்கு மேல் மூடி போட்ட மாதிரி. இதற்குச் செலவே கிடையாது, ட்ரைபாடை இறக்கினால் போதும்.

ஆனால் லென்ஸ் விஷயம் மாசிவீதியின் அறையில் அப்படியே நடக்காது. 12 அடி நீளம் என்கிறார். கேமராவும் ஆளும் நிற்க 2 அடி போய்விடும். நடிகரைச் சுவரோடு ஒட்டி உட்கார வைக்க முடியாது, நிழல் விழும், அங்கே 3 அடி விட வேண்டும். மீதி 7 அடி. அந்தத் தூரத்தில் 24 போட்டால் கிட்டத்தட்ட 7 அடி அகலம் கிடைக்கும், இரண்டு பேர் அடங்குவார்கள். 50-ல் மூணேகால் அடி, ஒருவர் மார்பு வரை. 85-ல் 2 அடிக்கும் கொஞ்சம் குறைவு, முகம் மட்டும்தான். அறை தெரியவே தெரியாது. அறை தெரியாத இடத்தில் எந்தச் சுவர் நெருங்கும்?

சுவர் நெருங்குவது லென்ஸால் இல்லை, கேமரா பின்னால் போவதால். நின்ற இடத்திலேயே லென்ஸை மாற்றினால் படம் பெரிதாகும், அவ்வளவுதான். முகத்துக்கும் பின்சுவர் காலண்டருக்கும் உள்ள அளவு அப்படியே இருக்கும்.

திருநகர்காரன்: அப்படியானால் 10க்கு 12 அறையில் இது முடியவே முடியாது என்கிறீர்களா?

வைகைக்கரை: முடியும். சிம்மக்கல் பக்கத்துப் பழைய வீடு என்றால் அறை வாசலும் நடையும் நேர்க்கோட்டில் இருக்க வாய்ப்பு உண்டு. கடைசி 5 நிமிடத்துக்குக் கேமராவை நடையில் வைத்து, வாசல் வழியாக எடுக்கலாம். 7 அடி 15 ஆகும். அங்கிருந்து 85 போட்டால் ஏறக்குறைய 4 அடி அகலம் கிடைக்கும், ஆளும் தெரிவார், சுவரும் தெரியும். 7 அடியில் இருந்தபோது காலண்டர், முகத்தோடு ஒப்பிட்டால் தன் அளவில் பத்தில் 7 பங்காகத் தெரிந்தது. 15 அடியில் அது 8 பங்கைத் தாண்டிவிடும். தலைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். வாசல் நிலை ஃப்ரேமுக்குள் வருகிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள், அதைப் பொறுத்துத்தான் நாற்காலி எங்கே என்பதே முடிவாகும்.

மேலூர் அக்கா: லென்ஸ் பேச்செல்லாம் இருக்கட்டும். தம்பி, ஃபேனை என்ன செய்யப் போகிறாய்? நாங்கள் ஏப்ரலில் மேலூரில் ஒரு வீட்டுக்குள் எடுத்தோம். வசனம் பதியும்போது ஃபேனை நிறுத்தினோம், இடைவேளையில் போட்டோம். எடிட்டில் உட்கார்ந்தால், பெரியவர் சட்டை முதுகில் ஒரு சாண் அகலத்துக்கு வேர்வை. அடுத்த வரி பேச எழும்போது முதுகு காய்ந்து கிடக்கிறது, ஏனென்றால் அது சாப்பாட்டுக்கு அப்புறம் எடுத்தது. ஒரு காட்சியில் ஃபேனை நிறுத்த மறந்துவிட்டோம், கட் வரும் இடத்திலெல்லாம் பின்னால் ஒரு உறுமல் வந்து வந்து போகிறது.

கதையிலேயே கரண்ட் போய்விட்டது என்று வைத்துவிடு. ஃபேன் ஓடாததற்குக் காரணம் கிடைக்கும், வேர்வையும் கதைக்கு உதவும். நீங்கள் சொல்லும் அந்த லூமெட் படத்திலும் முதலில் ஃபேன் ஓடாது, மழை வந்து விளக்கைப் போட்ட பிறகுதான் சுற்றும். ஒரே மாதிரி மூன்று சட்டை வாங்கு: காய்ந்தது, பாதி நனைந்தது, முழுக்க நனைந்தது. எந்தப் பக்கத்தில் எந்தச் சட்டை என்று ஸ்கிரிப்டிலேயே குறித்துவிடு. யாரும் பேசாமல் அறைச் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் பதிந்து வை, வசனத்துக்கு நடுவில் ஒட்ட உதவும்.

உசிலைப்பட்டி ரசிகன்: அக்கா சொல்வதுதான் என் வாதமும். வரிசையாக எடுத்தால் இந்த வேர்வைப் பிரச்சினையே வராதே?

வைகைக்கரை: வராது, ஆனால் வெளிச்சப் பிரச்சினை வரும். வரிசையாக எடுத்தால் ஒவ்வொரு வரிக்கும் கேமரா எதிர்ப்பக்கம் திரும்பும், ஒவ்வொரு முறையும் விளக்கை மாற்ற வேண்டும். லூமெட் நாற்காலி நாற்காலியாக எடுத்தார். ஒரு நாற்காலிக்கு வெளிச்சம் அமைந்துவிட்டால், படம் முழுக்க அந்த நாற்காலியில் நடப்பதை எடுத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். ஒரே சண்டையின் இரண்டு பாதிகளுக்கு நடுவில் நாட்கள் போகும். அது சாத்தியமானதற்குக் காரணம், அதற்கு முன் 2 வாரம் ஒத்திகை. எந்த வரியில் யாருக்கு எவ்வளவு கோபம் என்று நடிகர்களுக்கே தெரியும்.

மாசிவீதி, உங்கள் ஜன்னல் எந்தத் திசை?

மாசிவீதி: கிழக்கு. காலை 9 மணிக்குத் தரையில் கம்பி நிழல் கோடு கோடாக விழும். 11 மணிக்கு ஒன்றும் இருக்காது.

வைகைக்கரை: அப்படியானால் அந்த வெயிலை நம்பாதீர்கள். அண்ணன் காலரில் வெயில் கோடு இருக்கும், அவருக்குப் பதில் சொல்லும் தங்கை மேல் இருக்காது. ஒரே பேச்சு இரண்டு வேளையில் நடந்த மாதிரி ஆகிவிடும். ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வேட்டியைக் கட்டி, வெயில் அதில் படாதபடி மேலே தார்ப்பாய் இழுத்து, வேட்டிக்குப் பின்னால் ஒரு எல்.இ.டி. விளக்கை வையுங்கள். நாள் முழுக்க ஒரே வெளிச்சம். முதல் நாள் ஜன்னல் பக்கத்து இரண்டு நாற்காலி, மறுநாள் எதிர்ப்பக்கம்.

திருநகர்காரன்: இதையெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேமரா நடைக்குப் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கேமரா வெளியே வந்தால் பார்ப்பவரும் வெளியே வந்துவிடுவார். சண்டை முற்றும்போது அவர் அந்த நான்கு பேருக்கு நடுவில் மாட்டியிருக்க வேண்டும். 24 லென்ஸை முகத்துக்கு 2 அடியில் வைத்தால் மூச்சே மேலே படும். முகம் கொஞ்சம் கோணலாகத் தெரியும், அதுவும் அந்த இடத்துக்குப் பொருந்தும்.

மேலூர் அக்கா: வெளி என்றால் கேமராதான் போக வேண்டுமா? 2019-ல் பார்த்திபன் 'ஒத்த செருப்பு சைஸ் 7'-ல் ஒரே ஆளாக நடித்தார், மற்றவர்கள் எல்லாம் குரல்தான். குரல் வந்தாலே அங்கே இன்னொரு ஆள் இருக்கிறார் என்று நம்பிவிடுகிறோம். உன் கதையில் பாட்டி எங்கே தம்பி? பக்கத்து அறையில் இருமுகிறாளா?

மாசிவீதி: பாட்டி கதையிலேயே இல்லை அக்கா. ஆனால் சொத்து அவர் பேரில்தான் இருக்கிறது. நடையில் இருந்தும் எடுத்துப் பார்க்கிறேன், 2 அடியில் இருந்தும் எடுத்துப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் இரண்டையும் பதிந்து இங்கே போடுகிறேன்.

வைகைக்கரை: போன் லென்ஸ் 24-ஐ விட அகலமாகக் காட்டும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் கேமராவிலேயே எடுங்கள். பாட்டி இருமினால் நடை வாசல் கதவு திறந்திருக்க வேண்டும், என் ஷாட்டுக்கும் அது வேண்டும்.

திருநகர்காரன்: கதவு திறந்திருந்தால் யாரும் எழுந்து போகலாமே. அவர்கள் ஏன் போகவில்லை என்று பார்ப்பவர் கேட்பார்.