நடப்பு மாதத்தில் மட்டும் கோடு சரிகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். தினமும் எடுக்கும் தண்ணீர் மீட்டர் கணக்கை எக்செல்லில் வைத்திருக்கிறேன். அதிலிருந்து வரைந்த கோட்டு வரைபடத்தில், கீழ் அச்சில் ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஆண்டுக்கு ஒரு கோடு. பழைய ஆண்டுகள் சாம்பல் நிறம், இந்த ஆண்டு மட்டும் அழுத்தமான நீலம். A நிரலில் தேதி, B நிரலில் அன்றைய பயன்பாடு, D நிரலில் மாத எண், முதல் வரிசையில் ஆண்டு.

முதலில், இன்னும் வராத மாதங்களுக்கெல்லாம் 0 விழுந்து, நீலக் கோடு தரையோடு போனது. இப்படி மாற்றியதும் சரியாகிவிட்டது:

```
=IF(DATE(E$1,$D2,1)>TODAY(),NA(),
SUMIFS($B:$B,$A:$A,">="&DATE(E$1,$D2,1),
$A:$A,"<"&DATE(E$1,$D2+1,1)))
```

வெற்று "" கொடுத்துப் பார்த்தேன். அதையும் 0 என்றே வரைகிறது. NA() தான் கோட்டை நிறுத்துகிறது.

இப்போது சிக்கல் நடப்பு மாதம்தான். மே மாதம் 18 யூனிட். ஜூனில் 12 நாள் கணக்கு மட்டும் சேர்ந்து 7 யூனிட். போன ஆண்டு ஜூன் முழுவதும் 19 என்பதால், பாதிக்கு மேல் குறைந்துவிட்டதுபோல் தெரிகிறது. உண்மையில் நாளுக்குச் சராசரி கிட்டத்தட்ட அதே அளவுதான்.

ஜூனை மறைக்க மனமில்லை. மே முதல் ஜூன் வரையான துண்டை மட்டும் புள்ளிக்கோடாக்கினேன், ஆனால் மாதம் மாறும்போதெல்லாம் கையால் மாற்ற வேண்டியிருக்கிறது. அது தானாக நகர என்ன செய்யலாம்? அல்லது மாதக் கூட்டுத்தொகையை விட்டுவிட்டு, எல்லா ஆண்டுக்கும் நாள் சராசரியை வரைவதுதான் நேர்மையான ஒப்பீடா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.