புதுப்பிப்பு: ஃபியூச்சர்ஸ் நட்டமும் தணிக்கை வரம்பும்

என் முந்தைய கேள்வி: “ஒப்பந்த மதிப்பு கோடிகளில் வருகிறது, நட்டம்தானே, ஆடிட் கட்டாயமா?”

நிஃப்டி ஃபியூச்சர்ஸில் ஒன்றில் 3 லட்சம் ரூபாய் லாபமும் மற்றொன்றில் 5 லட்சம் நட்டமும் வந்திருப்பதால், இரண்டையும் குறி பாராமல் கூட்டிய 8 லட்சமே விற்றுமுதல் என்று ஆடிட்டர் விளக்கினார். நிகர நட்டமான 2 லட்சத்தை விற்றுமுதலாகக் காட்டினால் போதும் என்று இங்கு எழுதிய நண்பர், ஒப்பந்த மதிப்பு சேராது என்ற அளவில் மட்டுமே சரி. ரொக்கம் கலவாத வணிகத்துக்கான 10 கோடி தணிக்கை வரம்பு வெகு தொலைவில் உள்ளது.

அதே நாளில் வாங்கி விற்கும் இன்ட்ராடேயில் போன 40,000 ஊக வணிக நட்டம். அதை ஊக லாபத்தில் மட்டும், 4 ஆண்டுகள் வரை ஈடுகட்டலாம். ஃபியூச்சர்ஸ் நட்டத்தையோ இவ்வாண்டு சம்பளம் தவிர்த்த வருமானத்தில் கழித்து, கெடுவுக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்தால், மிச்சத்தை 8 ஆண்டுகள் வணிக லாபத்துக்கு எதிராகக் கொண்டுசெல்லலாம்.

முதலீடாக வைத்திருந்த பங்கை விற்றது பற்றி இங்கு ஒருவர் கேட்டிருந்தார்; அதில் வருவது மூலதன ஆதாயம். அது வேறு கணக்கு. விற்றுமுதலில் ஒரு பங்கையே லாபமாகக் காட்டும் உத்தேச வரித் திட்டத்தில் இருந்து முன்பு விலகியவருக்குத் தணிக்கை உண்டா என்பதில் ஆடிட்டர்களே ஒத்துப்போகவில்லை.