"கன்ஸ்ட்ரெயின்ட்"க்கு என்ன போடலாம்? (திங்கட்கிழமை சப்டைட்டில் போகணும்)

பென்சில்: வணக்கம். பிளெண்டர் அனிமேஷன் பாடம் ஒன்னுக்கு தமிழ் சப்டைட்டில் எழுதுறேன். ஒரு கௌபாய் துப்பாக்கியை கையில இருந்து இடுப்பு உறைக்குள்ள போடுறான், 62ஆவது பிரேம்ல கை, 63ல உறை. துப்பாக்கியை முதல்ல கையோட, அப்புறம் இடுப்போட சேர்ந்து நகர வைக்க ரெண்டு Child Of கன்ஸ்ட்ரெயின்ட். நான் "கட்டுப்பாடு"ன்னு எழுதினேன், ஆனா பொம்மையை அசைக்கிற ரிக்ல கன்ட்ரோலுக்கும் அதையே எழுதியிருக்கேன், ரெண்டும் ஒரே வரியில வருது. துப்பாக்கி டக்குனு வேற இடத்துக்கு தாவுறதை "பாப்"னு சொல்றாங்க, அதுக்கும் சொல் வேணும்.

காக்கிச்சட்டை: தம்பி, உறையில கட்டைவிரலால திறக்குற பட்டி இருந்தா துப்பாக்கி தாவாது. இருபது வருஷம் இடுப்புல மாட்டியிருக்கேன்.

பென்சில்: ஐயா இது கம்ப்யூட்டர் துப்பாக்கி 🙂

புலவர்தாசன்: உறைன்னு மொட்டையா எழுதாதீங்க, தலையணைக்கும் உறை, பாலுக்கும் உறை. அம்பறாத்தூணி மாதிரி கம்பீரமா ஒன்னு வேணும். அம்பு அறாத தூணி, என்ன அழகு!

ரிக் மெக்கானிக்: அது முதுகுல தொங்குறதுங்க, இது இடுப்பு. உறையே போதும். முதல்ல ஏன் தாவுதுன்னு புரிஞ்சா சொல் தானா வரும். துப்பாக்கிக்குன்னு சொந்தமா சில எண்கள் இருக்கு, இருப்பிடம், திருப்பம். 62ல அந்த எண்களை கையை வச்சு படிக்குது, 63ல அதே எண்களை இடுப்பை வச்சு படிக்குது. எண் மாறல, அளக்குற இடம் மாறிடுச்சு, அதான் தாவுது.

நேத்துவந்தவன்: கன்ஸ்ட்ரெயின்ட் எவ்வளவு இழுக்கணும்னு சொல்ற Influence-ஐ, கைக்கு உள்ளதை, அஞ்சு பிரேம்ல மெதுவா 1லிருந்து 0க்கு இறக்குனா போச்சு. நான் அப்படித்தான் பண்றேன்.

ரிக் மெக்கானிக்: தாவல் மறையும், உண்மைதான். ஆனா அந்த அஞ்சு பிரேமும் துப்பாக்கி உள்ளங்கையை விட்டு வழுக்கி காத்துல மிதந்து போகும், விரல் மூடியே இருக்கும். ஸ்லோ பண்ணி பாருங்க.

நான் பண்றது இது. 62ல துப்பாக்கிக்கும் ரெண்டு Influence-க்கும் கீ வச்சிடுவேன். 63க்கு போய், கை இன்னும் 1ல இருக்கும்போதே `Ctrl+A`ல Apply Visual Transform, திரையில தெரியுற இடத்தையே துப்பாக்கியோட சொந்த எண்ணா எழுதிடும். துப்பாக்கி கன்னாபின்னான்னு எங்கயோ போகும், பயப்படாதீங்க, கையோட Influence-ஐ 0 ஆக்குனா திரும்பி வந்து நிக்கும். அப்புறம் இடுப்பை 1 ஆக்கி அதுல Set Inverse அமுக்குவேன், துப்பாக்கி அதே இடத்துல நிக்கும், பிறகு எல்லாத்துக்கும் கீ. இந்த Set Inverse-ஐ முதல் பிரேம்லயே அமுக்கிட்டு வந்தா அதுக்குள்ள இடுப்பு நகர்ந்த தூரம் அப்படியே பிழையா நிக்கும். 62ல உள்ள கீயை Constant ஆக்க மறக்காதீங்க, இல்லன்னா மோஷன் பிளர் போட்டா ரெண்டு பிரேமுக்கு நடுவுல ஒரு கோடு இழுக்கும். கிராப்ல கர்வ் செங்குத்தா குதிக்கும், அது சரிதான். கர்வ் குதிக்கணும், திரையில குதிக்கக்கூடாது.

புலவர்தாசன்: அய்யா, இது யாப்புல உள்ள தளையேதான்! நின்ற சீரின் ஈறும் வருஞ்சீரின் முதலும் பொருந்தணும், மா முன் நிரை, விள முன் நேர், காய் முன் நேர் வந்தா வெண்டளை. 62 நின்ற சீர், 63 வருஞ்சீர். பொருந்தலன்னா தளை தட்டும். கன்ஸ்ட்ரெயின்ட் தளை, பாப் தளைதட்டல்! தளை தாள்லருந்து வந்தது, தாள்னா கால், காலைக் கட்டுறது…

டீச்சரம்மா: தாள்-தளைக்கு ஆதாரம் காட்டுங்க சார். அதை விடுங்க, என் பாலிடெக்னிக் பசங்களுக்கு தளைன்னா விலங்கு, ஜெயில். "துப்பாக்கிக்கு தளை போடு"ன்னா தடை பண்ணிட்டாங்கன்னு நினைப்பாங்க. "பிணைப்பு"ன்னு போங்க.

யாழ்ப்பாணத்தார்: எங்கட பக்கம் பனை ஏறுறவை காலில போடுறது தளைநார். அது ஆளை மறிக்கிறதில்லை, அதைப் போட்டால்தான் வழுக்காமல் ஏறலாம்.

ரிக் மெக்கானிக்: அருமைங்க, இதுதான் சரியான பொருள். நான் தளைக்கே ஓட்டு.

டீச்சரம்மா: பனையேறியைப் பார்த்த பசங்க எத்தனை பேர்?

நேத்துவந்தவன்: கன்ஸ்ட்ரெயின்ட்னே எழுதுங்களேன், சாஃப்ட்வேர்ல மெனு இங்கிலீஷ்லதானே இருக்கு. அப்புறம், ஸ்லோ பண்ணி பார்த்தேன். மிதக்குது 😞

பென்சில்: சரி, நேரமில்ல. தளைக்கு மூணு, பிணைப்புக்கு ரெண்டு (என்னையும் சேர்த்து). தளைன்னு போட்டுட்டு முதல் தடவை வரும்போது மட்டும் பக்கத்துல கன்ஸ்ட்ரெயின்ட்னும் போடுறேன். பாப்புக்கு "தாவல்". தளைதட்டல்னு போட்டா சப்டைட்டில் ரெண்டு வரி தாண்டுது, மன்னிச்சுக்கோங்க.

புலவர்தாசன்: தாவல்னா குரங்குங்க. என் எதிர்ப்பைப் பதிவு பண்ணிக்கோங்க.

காக்கிச்சட்டை: பட்டி வச்ச உறையா வரையச் சொல்லுங்க தம்பி, பார்க்கவாவது நிஜமா இருக்கும்.