ஐஎஸ்ஓ கோப்பின் ஹாஷ் பொருந்திவிட்டது. கையொப்பத்தையும் பார்க்கத்தான் வேண்டுமா?

நிலவன்:
லினக்ஸ் மின்ட் 22.1 சின்னமன் ஐஎஸ்ஓவை ஒரு மிரர் தளத்திலிருந்து இறக்கினேன். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அதன் ஹாஷ் எண், அதிகாரப்பூர்வத் தளத்தின் வழியாக எடுத்த sha256sum.txt கோப்பில் உள்ள எண்ணோடு பொருந்துகிறது. அதற்கு மேல் gpg நிரலைக் கொண்டு மின்ட் திட்டத்தின் கையொப்பத்தையும் சரிபார்க்க வேண்டும் என்கிறார்கள். அது அவசியமா? செய்து பார்த்தபோது Good signature என்று வந்தது, அதன் கீழேயே WARNING என்றும் வந்தது. எதை நம்புவது?

கருவூரான்:
அவசியமில்லை என்பதே என் கருத்து. மிரர் தளத்தை யாரோ ஒரு பல்கலைக்கழகமோ நிறுவனமோ நடத்துகிறது. அங்கே கோப்பு மாற்றப்பட்டிருக்குமோ என்பதுதான் நம் ஐயம். எண்ணை நீங்கள் அங்கிருந்து எடுக்கவில்லை, மூலத் தளத்தின் வழியாக எச்டிடிபிஎஸ் இணைப்பில் எடுத்திருக்கிறீர்கள். மிரரில் உள்ளவர் கோப்பை மாற்றினால் எண் மாறிவிடும். மூலத் தளத்தில் உள்ள எண்ணை அவரால் தொட முடியாது. எம்டி5 முறையில் ஒரே ஹாஷ் தரும் இரு கோப்புகளை உருவாக்கிக் காட்டிவிட்டார்கள், ஷா-256 முறையில் இன்றுவரை எவரும் அப்படிக் காட்டியதில்லை. ஆகவே எண் பொருந்தியதோடு வேலை முடிந்தது. வீட்டுக் கணினி வைத்திருப்பவருக்குக் கையொப்பச் சோதனை ஒரு சடங்கு மட்டுமே. சோதித்த பிறகும் எச்சரிக்கை வருவதே அதற்குச் சான்று.

மாணிக்கவல்லி:
மிரரைப் பற்றிக் கருவூரான் சொன்னது சரி. ஆனால் மூலத் தளமே கைமாறிவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. அது கற்பனையும் அல்ல, இதே லினக்ஸ் மின்டுக்கு நடந்தது.

2016 பிப்ரவரி 20 அன்று மின்ட் திட்டத்தின் வலைத்தளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 சின்னமன் பதிப்பின் பதிவிறக்க இணைப்பை மாற்றி, பல்கேரியாவில் இருந்த ஒரு சர்வரிலிருந்து வேறொரு ஐஎஸ்ஓவை இறங்க வைத்தார்கள். பார்வைக்கு அது உண்மையான மின்ட் போலவே இயங்கியது; உள்ளே சுனாமி என்று அறியப்பட்ட பின்கதவு நிரல் இருந்தது. திட்டத்தின் தலைவர் கிளெமென்ட் லெஃபெப்வ்ர் மறுநாளே வலைப்பதிவில் அதை அறிவித்தார். இறக்கியவர்கள் தம் கோப்பின் எம்டி5 எண்ணை அறிவிப்பில் உள்ள எண்களோடு ஒப்பிட வேண்டும் என்றும், டிஸ்க்கை ஏற்கெனவே எரித்தவர்கள் அதிலிருந்து கணினியைத் தொடங்கி /var/lib/man.cy என்ற கோப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றும் அதில் எழுதினார். அந்தக் கோப்பு இருந்தால் ஐஎஸ்ஓ நஞ்சூட்டப்பட்டது.

பக்கத்தில் உள்ள இணைப்பை மாற்றும் அளவுக்கு உள்ளே வந்துவிட்டவர், அதன் அருகில் உள்ள எண்ணையும் மாற்றிவிடலாம். அப்படி மாற்றினால் உங்கள் சோதனை அழகாகப் பொருந்தும், ஏனெனில் கோப்பையும் எண்ணையும் தந்தவர் ஒருவரே. எச்டிடிபிஎஸ் இணைப்பு, நீங்கள் பேசுவது அந்தத் தளத்தோடுதான் என்பதை மட்டும் உறுதி செய்கிறது. அந்தத் தளத்துக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதை அது சொல்லாது.

கணினிக்கூடப் பொறுப்பாளர்:
நிலவன் தம்பி, இதற்கு இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. எனக்கும் இதே சிக்கல் வந்தது. எங்கள் பள்ளிக் கணினிக்கூடத்துக்காக ஒரு ஐஎஸ்ஓ இறக்கினேன், எண் பொருந்தவில்லை, FAILED என்று வந்தது. யாரோ ஊடுருவிவிட்டார்கள் என்று பதறி இரண்டு நாள் வேலையை நிறுத்தி வைத்திருந்தேன். பிறகு பார்த்தால், 3 ஜிபிக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டிய கோப்பு 1.9 ஜிபியிலேயே நின்றிருந்தது. இடையில் மின்சாரம் போனபோது இணைப்பு அறுந்து, பிரவுசர் அதை முடிந்ததாகக் கணக்கு வைத்துவிட்டது. `wget -c` கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன், எண் பொருந்திவிட்டது. அது மட்டுமல்ல, மின்ட் பென்டிரைவிலிருந்து தொடங்கும்போது மெனுவிலேயே Integrity check என்று ஒன்று இருக்கிறது. அதை ஓட்டிப் பார்த்தாலே போதும், இந்தக் கட்டளைகள் எதுவும் தேவையில்லை.

மாணிக்கவல்லி:
ஐயா, உங்களுக்கு எண் பொருந்தவில்லை, நிலவனுக்குப் பொருந்திவிட்டது. இரண்டும் வேறு வேறு. எண் பொருந்தாதபோது முதலில் கோப்பின் அளவைப் பார்ப்பது நல்ல பழக்கம்தான், பெரும்பாலும் பாதியில் நின்ற பதிவிறக்கமாகவே இருக்கும். அளவு சரியாக இருந்தும் எண் மாறினால் மட்டும் வேறொரு மிரரிலிருந்து புதிதாக இறக்கிப் பார்க்கலாம்.

ஆனால் மெனுவில் உள்ள அந்தச் சோதனையைப் பாதுகாப்புச் சோதனையாகக் கொள்ளாதீர்கள். பென்டிரைவில் எழுதும்போது ஏதும் கெட்டுப்போயிற்றா என்று காண்பதற்காக வைத்தது அது. ஒப்பிடுவதற்கான எம்டி5 பட்டியல் ஐஎஸ்ஓவுக்குள்ளேயே இருக்கிறது, ஆகவே ஐஎஸ்ஓவை மாற்றுகிறவர் அந்தப் பட்டியலையும் சேர்த்தே மாற்றி எழுதிவிட முடியும். மேலும், அந்தச் சோதனையை ஓட்டுவதற்கே நீங்கள் நம்பலாமா என்று ஐயப்படும் நிரலிலிருந்து கணினியைத் தொடங்கியாக வேண்டும்.

கருவூரான்:
2016 நிகழ்வை ஏற்கிறேன். ஆனால் என் மறுப்பு இன்னும் நிற்கிறது. கையொப்பத்தைச் சரிபார்க்கப் பொதுச்சாவி வேண்டும், அது எந்தச் சாவி என்பதை அதே தளத்தின் வழிகாட்டிப் பக்கம்தான் சொல்கிறது. தளத்துக்குள் புகுந்தவர் இணைப்பையும் எண்ணையும் மாற்றுவாராம், சாவியை அடையாளம் காட்ட வழிகாட்டியில் தரப்பட்டுள்ள நாற்பது எழுத்துக் கைரேகையை மட்டும் மாற்றாமல் விட்டுவிடுவாரா? தன் சாவியால் கையொப்பமிட்டு, தன் கைரேகையையே அங்கே எழுதி வைப்பார். நிலவன் திரையிலும் Good signature என்றுதான் வரும்.

மாணிக்கவல்லி:
இந்தக் கேள்வியைக் கேட்காமல் கையொப்பம் பார்ப்பவர்கள்தான் பெரும்பாலோர், ஆகவே இதற்கு விரிவாகவே எழுதுகிறேன்.

ஹாஷ் எண் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் புதிது. நேற்று வந்த ஐஎஸ்ஓவின் எண்ணை முன்பே நீங்கள் அறிந்திருக்க வழியில்லை. சாவி அப்படியல்ல. மின்ட் ஐஎஸ்ஓக்களுக்குக் கையொப்பமிடும் சாவி, அந்த ஊடுருவல் நடந்த 2016-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் உருவாக்கப்பட்டது, பல வெளியீடுகளாக அதே சாவிதான். அதன் கைரேகை இது:

```
27DE B156 44C6 B3CF 3BD7  D291 300F 846B A25B AE09
```

இன்று தளத்துக்குள் புகுகிறவர் இன்றைய பக்கத்தை மாற்றலாம். மூன்று ஆண்டுகளுக்கு முன் நீங்கள் இறக்கி வைத்த சாவியையோ, இணைய ஆவணக் காப்பகத்தில் பல ஆண்டுகளாகப் பதிந்து கிடக்கும் பழைய பக்கங்களையோ, நண்பரின் குறிப்பேட்டில் உள்ள எண்ணையோ அவர் மாற்ற முடியாது. கையொப்பமிடும் அந்தரங்கச் சாவியை வலைத்தளம் ஓடும் சர்வரில் வைக்க வேண்டிய தேவையும் இல்லை, ஆகவே தளம் விழுந்தாலும் சாவி விழாது. கைரேகையை அதே பக்கத்திலிருந்து அன்றே எடுத்து அன்றே நம்பினால், கருவூரான் சொல்வது போல நீங்கள் ஒன்றும் சோதிக்கவில்லை. அதை வேறொரு வழியில், இயன்றால் வேறொரு காலத்தில் பெற்றதோடு ஒப்பிடுவதில்தான் சோதனையே இருக்கிறது.

நிலவனைக் குழப்பிய எச்சரிக்கையும் இதைத்தான் சொல்கிறது. Good signature என்றால், உங்களிடம் உள்ள பொதுச்சாவிகளில் ஒன்றுக்கு இணையான அந்தரங்கச் சாவியைக் கொண்டு இந்தக் கோப்பில் கையொப்பமிடப்பட்டிருக்கிறது, அதன் பிறகு ஓர் எழுத்தும் மாறவில்லை என்று பொருள். WARNING என்றால், அந்தச் சாவி உண்மையில் அவருடையதுதான் என்று நீங்கள் இன்னும் உறுதி செய்யவில்லை என்று பொருள். இரண்டும் முரண்படவில்லை. உறுதி செய்யும் வேலையை நிரல் உங்களிடம் விட்டிருக்கிறது. கையொப்பத்துக்கு அருகில் வரும் Linux Mint ISO Signing Key என்ற பெயரைப் பார்த்து நிறைவடைய வேண்டாம், அந்தப் பெயரில் யாரும் சாவி உருவாக்கிக்கொள்ளலாம். கடைசி எட்டு எழுத்துகளைப் பார்ப்பதும் போதாது, எட்டு எழுத்துகள் ஒத்துப்போகும் போலிச் சாவியைச் சில நொடிகளில் உருவாக்க முடியும் என்று 2014-இலேயே காட்டிவிட்டார்கள். Primary key fingerprint என்ற வரியில் உள்ள நாற்பது எழுத்துகளையும் ஒப்பிடுங்கள்.

இன்னொரு பிழையைப் பலர் செய்கிறார்கள். மின்ட் கையொப்பமிடுவது ஐஎஸ்ஓவில் அல்ல, sha256sum.txt என்ற பட்டியலில். ஆகவே முதல் கட்டளை மட்டும் வெற்றி பெற்றால் உங்கள் ஐஎஸ்ஓவை எவரும் இன்னும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இரண்டும் வேண்டும்:

```
gpg --verify sha256sum.txt.gpg sha256sum.txt
sha256sum -c --ignore-missing sha256sum.txt
```

இளவேனில்:
இவ்வளவும் செய்த பிறகும் கோப்பு நல்லது என்று ஆகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோப்புகளைச் சுருக்கும் xz என்ற நிரலில் 2024 மார்ச் 29 அன்று வெளிப்பட்ட விவகாரத்தில், 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளின் தொகுப்புக் கோப்புகள் முறையாகக் கையொப்பமிடப்பட்டவை. கையொப்பமிட்டவர் திட்டத்தின் பொறுப்பில் இருந்தவர். பின்கதவை வைத்தவரும் அவரே. எந்தத் தளமும் ஊடுருவப்படவில்லை, எந்த மிரரும் மாறவில்லை. எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிப் பார்த்த ஆன்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளரால்தான் அது வெளியே வந்தது. எந்தச் சாவியைக் கொண்டு கையொப்பமிட்டார்கள் என்பது வரையில்தான் கையொப்பம் சொல்லும். அந்தச் சாவிக்குரியவர் நேர்மையானவரா என்பதைச் சொல்லாது.

கருவூரான்:
இளவேனில் சொன்னது என் பக்கத்தையே வலுப்படுத்துகிறது. கைரேகையை முன்பே சேமித்து வைத்தவருக்கு மாணிக்கவல்லி சொன்ன முறை பயன்படும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதன்முறையாக லினக்ஸ் நிறுவ வரும் ஒருவரிடம் பழைய சாவி எங்கிருந்து வரும்? அவரிடம் நாற்பது எழுத்துகளை நீட்டினால் அவர் எண்ணைக்கூட ஒப்பிடாமல் நேராக நிறுவிவிடுவார். அவருக்கு ஹாஷ் மட்டும் போதும் என்றே இன்னமும் சொல்வேன்.

மாணிக்கவல்லி:
முதன்முறை வருபவருக்குச் சிரமம் என்பதை மறுக்கவில்லை. அவர் அன்றைக்கு ஹாஷ் மட்டும் பார்த்தாலும், சாவியை அன்றே இறக்கி வைத்துக்கொண்டால் அடுத்த பதிப்புக்கு அது பழைய சாவியாகிவிடும். தேவையில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டால் அடுத்த முறையும் அவர் கையில் ஒன்றும் இருக்காது.

நிலவன்:
அனைவருக்கும் நன்றி. பழைய மடிக்கணினியில் `gpg --list-keys` கொடுத்துப் பார்த்தேன். மின்ட் 20 நிறுவியபோது இறக்கிய சாவி அதில் அப்படியே இருந்தது, அப்போது எதற்கென்று புரியாமல் செய்தது. நாற்பது எழுத்துகளையும் நான்கு நான்காகப் பிரித்து வாய்விட்டுப் படித்தேன், தங்கை புதிய திரையில் சரிபார்த்தாள், எல்லாம் ஒன்றாகவே இருந்தன. ஆனால் இரண்டாவது கட்டளை முதலில் no file was verified என்றது. இருமுறை இறக்கியதால் பிரவுசர் கோப்பின் பெயரில் (1) என்று சேர்த்திருந்தது. பட்டியலில் உள்ள பெயரையே வைத்த பிறகு OK என்று வந்தது. நான் முதலில் ஹாஷில் ஒப்பிட்டது முன் நான்கு எழுத்துகளையும் பின் நான்கு எழுத்துகளையும் மட்டும்தான் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.